விசிலை எண்ண விடுகிற தொடர் எது?

கேள்வி: தனியாக இருக்கிறேன். மாலையில் சமைக்கும்போதும், இஸ்திரி போடும்போதும், துவைத்த துணியை மடிக்கும்போதும் பின்னணியில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது. ஆனால் நல்ல தொடராக இருந்தால் கை நின்றுவிடுகிறது. போன வாரம் ஒரு துப்பறியும் தொடரில் ஆழ்ந்துபோய்ச் சட்டையின் கழுத்துப்பட்டையைக் கருக்கிவிட்டேன். சப்பென்று இருப்பதைப் போட்டால் பத்து நிமிடத்தில் எரிச்சலாகி அணைத்துவிடுகிறேன். மூளையைக் கேட்காத நிகழ்ச்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சட்டைக்கு என் அனுதாபம். அந்தத் தொடர் நன்றாக இருந்ததால் மட்டும் சட்டை கருகவில்லை. துப்பறியும் கதையில் துப்பு வாயால் சொல்லப்படுவதில்லை, கண்ணுக்குக் காட்டப்படுகிறது. மேசை ஓரத்தில் ஒரு சாவி கிடக்கும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், இசையும் நின்றுவிடும். அந்த மௌனம்தான் உங்களைத் தலை நிமிர வைத்தது. நிமிர்ந்த நேரத்தில் பெட்டி கழுத்துப்பட்டையின் மேல் இருந்தது. அதே கதையை யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருந்தால் உங்கள் கண் சட்டையை விட்டு நகர்ந்திருக்காது.

அதனால் 'எளிமையானதா, கனமானதா' என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கையில் இருக்கும் வேலை என் கண்ணைப் பிடித்து வைத்திருக்கிறதா, காதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நீங்கள் சொன்ன மூன்று வேலைகளுக்கும் மூன்று விதமான பதில் வரும். மூன்றுக்கும் ஒரே தொடரைப் போடுவதால்தான் ஒன்றில் கருகுகிறது, இன்னொன்றில் எரிச்சல் வருகிறது.

பிற மொழித் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் சேர்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒரு காட்சியைப் படமில்லாமல் குரலாகவும், குரலில்லாமல் படமாகவும் தனித்தனியே நூறு முறை கடந்துபோவது அங்கே அன்றாட வேலை. எது காதில் மட்டும் நிற்கும், எது நிற்காது என்பது அந்த வழியில் பிடிபட்டது. மிச்சத்தை வீட்டு அடுப்படி கற்றுக்கொடுத்தது.

அடுப்படியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் பலரும் தவறாகக் கணிக்கிறார்கள். சமையல் கண்ணாலும் கையாலும் நடக்கிறது, காது சும்மா இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் சமையலில் பாதி காதால் நடக்கிறது. கடுகு வெடித்து அடங்குவதைக் கேட்டுத்தான் உளுத்தம்பருப்பைப் போடுகிறோம். வடை வெந்துவிட்டதை எண்ணெயின் சலசலப்பு குறைவது சொல்கிறது. பொரியலில் நீர் வற்றிவிட்டதை, முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவும்போதும், சத்தம் மாறுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். பால் பொங்கும் முன் பாத்திரத்தில் ஒரு மெல்லிய இரைச்சல் எழும், பிறகு அது திடீரென்று அடங்கும். அந்த அடக்கம் காதில் விழுந்தால் ஓடிப்போய்த் தணலைக் குறைக்க நேரம் இருக்கிறது. காது இப்படி வேலையில் இருக்கும்போது, மிச்சம் இருக்கும் காதைத்தான் தொடருக்குக் கொடுக்க முடியும்.

போதாக்குறைக்கு மிக்ஸி இருக்கிறது. சட்னி அரைக்கும் அந்த ஒன்றரை நிமிடத்தில் ஒரு வசனம்கூடக் காதில் விழாது. புகைபோக்கி விசிறி ஓடினால் பேச்சின் மெல்லிய ஓசைகள் எல்லாம் அதில் கரைந்துவிடும், உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சும். எனவே சமைக்கும்போது ஓட வேண்டியது, நடுவில் இரண்டு நிமிடம் தொலைந்துபோனாலும் கெட்டுப்போகாத ஒன்று. நகைச்சுவை மேடை நாடகங்கள் இங்கேதான் தோற்றுவிடுகின்றன. கிரேசி மோகனின் நாடகங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவற்றில் ஒரு சொல் இரண்டு பொருளில் திரும்பும் இடத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. அந்தச் சொல் விழும் நொடியில் குக்கர் கத்தினால், கூட்டம் சிரிப்பது மட்டும் உங்களுக்குக் கேட்கும். நான்கு முறை அப்படி நடந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். நீங்கள் 'சப்பென்று' இருந்ததாகச் சொன்ன நிகழ்ச்சிகளில் சில இப்படிப் பாதி மட்டும் காதில் விழுந்தவையாக இருக்கலாம்.

இன்னொரு சங்கடம் எண்ணிக்கை. குக்கர் விசிலை மனத்துக்குள் 'இரண்டு, மூன்று' என்று சொல்லாகத்தான் வைத்துக்கொள்கிறோம். காதில் விழும் பேச்சு, நாம் கவனிக்காவிட்டாலும், நேராக அந்த இடத்தில் போய் இடிக்கிறது. வரிசையாக எதையாவது நினைவில் வைத்திருக்க வேண்டியபோது பின்னணிப் பேச்சு அதைக் குலைக்கிறது என்பது உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. என் மாமியார் எந்த ஆய்வையும் படித்தவரில்லை. அடுப்பு மேடையில் நான்கு புளியங்கொட்டைகளை வைத்திருப்பார், ஒரு விசிலுக்கு ஒரு கொட்டையை வலப்பக்கம் தள்ளுவார். வானொலி நாடகம் கேட்டுக்கொண்டே அவர் வேகவைத்த துவரம்பருப்பு ஒருநாளும் குழையவும் இல்லை, நறுக்கென்று நிற்கவும் இல்லை. இன்று நானும் அதைத்தான் செய்கிறேன்.

சமைக்கும்போது சமையல் நிகழ்ச்சியை மட்டும் போடாதீர்கள். பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அதைவிட மோசமான தேர்வு இல்லை. ஒருமுறை அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் குக்கரில் இரண்டு விசில் வந்திருந்தது. திரையில் இருந்த குக்கர் மூன்றாவதும் நான்காவதும் அடித்தது, நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அன்றைய சாம்பாரில் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நின்றது. இன்னொரு நாள் 'இரண்டு தேக்கரண்டி' என்று அந்த அம்மாள் மல்லித்தூளுக்குச் சொன்னதைக் கேட்டுக்கொண்டே என் கை உப்பு ஜாடிக்குள் போனது. இதே காரணத்தால் அழைப்பு மணி, கைப்பேசி மணி, குழந்தை அழுகை அடிக்கடி ஒலிக்கும் தொடர்களும் அடுப்படிக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் பாதி உடம்பு வாசலை நோக்கித் திரும்பும்.

பிறகு எதுதான் ஆகும்? இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள்: குடும்பத் தொடர். நெடுந்தொடர்கள் இழுக்கின்றன, சொன்னதையே சொல்கின்றன என்பது வழக்கமான குறை. உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது குறைதான். நின்றுகொண்டு கேட்பவருக்கு அதுவே வசதி. இந்த வடிவம் பிறந்ததே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். அமெரிக்காவில் 1930-களில் பகல்நேர வானொலியில் பதினைந்து நிமிடத் தொடர் நாடகங்கள் வந்தன. வீட்டு வேலை செய்துகொண்டு கேட்கும் பெண்களை எண்ணிச் சோப்பு நிறுவனங்கள் அவற்றுக்குப் பணம் கொடுத்தன. 1933-இல் தொடங்கி 1960 வரை ஓடிய 'மா பெர்கின்ஸ்' தொடரின் விளம்பரதாரர் ஆக்ஸிடால் என்ற சலவைத்தூள். 'சோப்பு நாடகம்' என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்வது அதனால்தான். கேட்பவள் தண்ணீர்க் குழாயைத் திறந்திருப்பாள், பின்கட்டுக்குப் போய் வருவாள் என்று தெரிந்தே எழுதினார்கள். ஒரு செய்தி ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து இன்னொரு பாத்திரத்தின் காதுக்குப் போய், அங்கிருந்து மூன்றாவது ஆளுக்குப் போகும். மூன்று முறையில் ஒரு முறையாவது உங்கள் காதில் விழுந்துவிடும்.

நம் தொடர்களின் கட்டமைப்பும் அதுவே. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் நடந்தது முதலில் வருகிறது. ஒவ்வொருவரும் எதிரில் இருப்பவரை உறவுமுறையோ பெயரோ சொல்லி அழைக்கிறார்கள், அதனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்க்கத் தேவையில்லை. கெட்டவர் வரும்போது அவருக்கென்று ஒரு இசை வருகிறது. அதிர்ச்சியான செய்தி என்றால் கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்தையும் கேமரா வரிசையாகத் தொடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் பெருங்காயத்தைத் தேடி எடுத்துத் தாளித்தே முடித்துவிடலாம்.

ஆனால் இதிலும் பொறுக்க வேண்டும். புதிதாக ஓடிக்கொண்டிருக்கும் தொடரை அடுப்படிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு என்ன ஆகும் என்ற கொக்கி அதில் இருக்கும், அந்தக் கொக்கி கரண்டியைப் பிடித்த கையை நிறுத்தும். முடிவு தெரிந்த பழைய தொடரை எடுங்கள். அதிலும் அழுகையும் கூச்சலும் மிகுந்தவற்றை விடுங்கள். கதையை நீங்கள் பின்தொடராவிட்டாலும் கூச்சல் உடம்பில் ஏறும். நாற்பது நிமிடம் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்த பிறகு சாப்பிட உட்கார்ந்தால், ஏன் இவ்வளவு கடுகடுப்பாக இருக்கிறோம் என்று நமக்கே புரியாது. கணவன் மனைவியின் சின்னச் சண்டைகளை வைத்து நடந்த 'ரமணி வெர்சஸ் ரமணி' போன்ற இலகுவான தொடர்கள் அடுப்படிக்கு நன்றாகப் பொருந்துகின்றன. எந்தப் பகுதியையும் எங்கிருந்தும் தொடங்கலாம், நடுவில் விட்டுப் போகலாம்.

இஸ்திரிக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ். காதுக்கு ஒரு வேலையும் இல்லை, நீராவியின் சீற்றத்தைத் தவிர. கண்தான் துணியில் இருந்தாக வேண்டும். பெட்டியில் இருக்கும் மூன்று புள்ளிகளில் ஒரு புள்ளி ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸ், இரண்டு 150, மூன்று 200. பருத்திச் சட்டைக்கு மூன்று புள்ளியில் ஓடும் பெட்டியை, தலை நிமிர்ந்து ஒரு காட்சியைப் பார்த்து முடிக்கும்வரை ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செயற்கை இழை கலந்த துணி என்றால் கருகுவதற்கு முன்னே உருகி ஒட்டிக்கொள்ளும். எனவே திரையையே திருப்பி வைத்துவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சால் நிற்கும் நிகழ்ச்சி வேண்டும். பேச்சு கனமாக இருந்தாலும் பரவாயில்லை, காது முழுக்க உங்களுடையது. அடுப்படியில் தோற்ற மேடை நாடகம் இங்கே வெல்லும்.

இதற்குத் தமிழில் பஞ்சமே இல்லை, ஏனென்றால் நாம் படத்தைக் காதால் பார்த்து வளர்ந்தவர்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கியில் திரைப்படக் கதை வசனத்தை முழுசாகப் போட்ட காலம் ஒன்று இருந்தது. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று திரைப்படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி ஒலிபரப்பினார்கள். திரையில் பார்க்காத படத்தின் வசனம் மனப்பாடமாக இருந்தவர்கள் எங்கள் தெருவில் பலர். அந்தக் காலப் படங்களின் வசனம் அப்படிக் கேட்பதற்கு இடம் கொடுத்தது. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமி புலம்பும் இடத்தைத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேளுங்கள், ஒன்றும் குறையாது. இதே சோதனையை இப்போது வரும் படங்களில் செய்தால் பாதி நேரம் காலடி ஓசையும் மழையும்தான் கேட்கும். படம் எடுப்பதில் அது முன்னேற்றமாக இருக்கலாம், இஸ்திரி மேசைக்கு உதவாது.

பட்டிமன்றம் இன்னும் நல்லது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சாலமன் பாப்பையா நடுவராக இருந்து நடத்தியவை இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. தலைப்பு என்ன என்று தெரிந்தால் போதும், கதை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பேச்சாளரும் தனக்கு முன் பேசியவர் சொன்னதை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார், அதனால் தவறவிட்டதும் திரும்பக் கிடைக்கும். நகைச்சுவையைக் கேட்க முகம் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு பேச்சாளருக்குச் சராசரியாக இரண்டு சட்டை ஆகிறது. நடுவர் தீர்ப்புச் சொல்ல எழும்போது வேட்டிக்கு வந்திருப்பேன்.

வசன வரிகளோடு வரும் கொரியத் தொடர்களை இஸ்திரிக்குப் போடவே கூடாது என்பது இதிலிருந்து தானாக விளங்கும். தமிழ்க் குரல் சேர்த்ததைப் போடலாம் என்றாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. குரல் சேர்க்கும்போது வாயசைவுக்குப் பொருந்த வேண்டும் என்று சொற்களை நறுக்குகிறோம், நீட்டுகிறோம். மூலத்தில் நடிகர் கண்ணால் சொன்னதை நாங்கள் குரலில் கொண்டுவர முடிவதில்லை. முகத்தைப் பார்க்காமல் கேட்டால் அந்த வசனங்கள் கொஞ்சம் அந்தரத்தில் நிற்கும். கதை ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்தக் குறை மறைந்துவிடுகிறது. மகாபாரதத் தொடர்கள் எந்த மொழியிலிருந்து வந்தாலும் காதில் நிற்பது அதனால்தான். சூதாட்டம் முடிந்து என்ன ஆகும் என்று தெரியாமல் யாரும் பெட்டியை நிறுத்திவிட்டு நிமிரப் போவதில்லை.

டெஸ்ட் கிரிக்கெட்டைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வேலை செய்துகொண்டு கேட்க அதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சியை எந்தத் தொலைக்காட்சி நிலையமும் எழுதி எடுத்ததில்லை. ஒரு நாளைக்கு 90 ஓவர். பெரும்பாலான பந்துகளில் ஒன்றும் நடக்காது, நடந்தால் கூட்டத்தின் இரைச்சல் உங்களைக் கூப்பிடும், நீங்கள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினால் அதே பந்தை நான்கு கோணத்தில் மறுபடி காட்டுவார்கள். அவசரமே இல்லை. நேரமும் வசதியாக அமைகிறது. இங்கிலாந்தில் கோடையில் நடக்கும் ஆட்டம் நமக்குப் பிற்பகல் 3.30 மணிக்குத் தொடங்கி இரவு வரை ஓடும், மாலை வேலை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். டிசம்பர் 26-ஆம் தேதி மெல்போர்னில் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கிறது. மார்கழியில் அந்த நேரத்துக்கு எழுந்து பொங்கல் வைக்கிற வீட்டில் அது அடுப்படிக்கும் பொருந்தும். இருபது ஓவர் ஆட்டத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அங்கே ஒவ்வொரு பந்தும் நிமிரச் சொல்கிறது, கூட்டமும் இடைவிடாமல் கத்துகிறது, எந்தக் கத்தலுக்குத் திரும்புவது என்று தெரியாது.

துணி மடிப்பதற்கு அதிகம் சொல்ல இல்லை. கண்ணும் காதும் ஓரளவு ஓய்வாக இருக்கும், கருகவும் பொங்கவும் ஒன்றும் கிடையாது, கட்டிலில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். வசன வரிகள் உள்ளதையும், காட்சி அழகுக்காகப் பார்ப்பதையும் இந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். அமெரிக்க ஓவியர் பாப் ராஸ் தூரிகையைத் தட்டித் தட்டி மரம் வரையும் அரை மணி நேரங்கள் நானூறுக்கு மேல் இருக்கின்றன, 1983-இலிருந்து 1994 வரை எடுத்தவை. போர்வை மடிக்கும்போது நிமிர்ந்தால் வெறும் வானம் இருக்கும், அடுத்த போர்வைக்கு நிமிர்ந்தால் மலை வந்திருக்கும். நார்வே தொலைக்காட்சி 2009-இல் பெர்கன் நகரிலிருந்து ஆஸ்லோ வரை ஒரு ரயில் பயணத்தை வெட்டாமல் ஏழு மணி நேரத்துக்கு மேல் காட்டியது. அந்த வகை ரயில் பயணக் காட்சிகளும் இதற்கு நல்லவை. ஆனால் காலுறைகளுக்கு ஜோடி சேர்க்கும்போது கண் வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு அந்த நேரம் பாட்டுக்குப் போய்விடுவேன்.

பாட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது பிபிசி 1940-இல் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. தெரிந்த மெட்டுகள், ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே அளவு ஒலி என்று அதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. அமெரிக்கப் பாட்டு ஒன்றை அதிலிருந்து விலக்கினார்கள். அதில் கைதட்ட வேண்டிய இடம் ஒன்று வரும், தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுக் கருவிகளால் இயந்திரத்தைத் தட்டிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். நம் வீட்டிலும் அந்தப் பாட்டுக்கு இணையானவை உண்டு. சில பாட்டுக்குக் கரண்டி தானாகவே வாணலியின் விளிம்பில் தாளம் போடும், கத்தரிக்காய் அடிப்பிடிக்கும்.

ஒரு நிகழ்ச்சி தேறுமா என்று பார்க்க நான் செய்வது இதுதான். அதைப் போட்டுவிட்டுத் திரைக்கு முதுகைக் காட்டி ஐந்து நிமிடம் வேறு வேலை பார்ப்பேன். எத்தனை முறை திரும்பிப் பார்க்கத் தோன்றியது என்று மட்டும் கவனிப்பேன். ஒன்றிரண்டு முறை என்றால் இஸ்திரிக்கு ஆகும். பிறகு அறையை விட்டு மூன்று நிமிடம் வெளியே போய்விட்டு வந்து கேட்பேன். அரை நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பிடிபட்டால் அடுப்படிக்கும் ஆகும். பிடிபடவில்லை, ஆனால் பின்னால் ஓட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை என்றால் அது இன்னும் நல்ல நிகழ்ச்சி. பின்னால் ஓட்டிப் பார்க்கக் கை போனால், அதை வேலை நேரத்திலிருந்து எடுத்துவிட்டு இரவு உட்கார்ந்து பார்ப்பதற்கு வைத்துக்கொள்வேன். உங்கள் துப்பறியும் தொடரின் இடம் அதுதான்.

போன ஞாயிறு மாலை எப்படிப் போனது என்று சொன்னால் இன்னும் தெளிவாகும். ஐந்தரைக்கு ஒரு கிண்ணம் துவரம்பருப்பைக் குக்கரில் வைத்தேன், நான்கு புளியங்கொட்டைகள் மேடையில். பழைய குடும்பத் தொடரின் இரண்டு பகுதிகள், விளம்பரம் நீங்கலாக ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் பகுதியில் பருப்பு வெந்தது, வெண்டைக்காய் நறுக்கி முடிந்தது. மிக்ஸி ஓடியபோது ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோயிருக்கிறது. அடுத்த காட்சியில் சித்தி அதைப் பெரியம்மாவிடம் சொன்னார், எனக்கும் தெரிந்துவிட்டது. புளி கரைத்து விட்டுக் கொதி வந்ததும் தொடரை நிறுத்தினேன். தாளிக்கும் நேரத்தில் எதுவும் ஓடக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். இரண்டு நிமிடம்தான், அந்த இரண்டு நிமிடத்தில் கடுகு பேச வேண்டும்.

ஆறரைக்கு இஸ்திரி மேசையை விரித்தேன். ஒன்பது சட்டை, இரண்டு வேட்டி, ஒரு பட்டுப் புடவை. பட்டுக்கு ஒரு புள்ளி போதும், பெட்டி சூடாவதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும் என்பதால் முதலில் அது. பிறகு பருத்தி. ஒரு பட்டிமன்றம் முழுசாக ஓடியது, கைப்பேசியைத் திருப்பிப் போட்டுக் குரலை மட்டும் கேட்டேன். ஏழே முக்காலுக்கு முடிந்தது. அதன்பின் கட்டிலில் குவிந்திருந்த துண்டு, போர்வை, உள்ளாடைகளுக்கு ஒரு ரயில் ஜன்னல். எட்டே காலுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம்.

இடையில் கெடுப்பவை பெரும்பாலும் இயந்திரத்தின் பழக்கங்கள். புளி கரைக்கிற கையோடு கைப்பேசியைத் தொட முடியாது, அதனால் எல்லாவற்றையும் கை நனைவதற்கு முன் வரிசைப்படுத்தி வையுங்கள். யூடியூபில் `Autoplay` தானாக எதையாவது கொண்டுவரும். பட்டிமன்றத்துக்குப் பின் பேய்க் கதை வந்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு. நீங்களே ஒரு `Playlist` செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. தொடர்ந்து ஓடவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் ஒரு கட்டத்தில் `Are you still watching?` என்று கேட்டு நின்றுவிடும். பக்கத்தில் ஒரு உலர்ந்த துணி இருக்கட்டும். வசனம் மெல்லவும் பின்னணி இசை இடியாகவும் வந்தால் யூடியூபின் அமைப்புகளில் `Stable volume` என்பதை இயக்குங்கள், ஏற்ற இறக்கம் ஓரளவு சமனாகும். மிக்ஸிக்காக ஒலியைக் கூட்டுவது வீண். மிக்ஸியை அது வெல்லாது, மிக்ஸி நின்றதும் வீடு அதிரும்.

கைப்பேசியின் ஒலி போதவில்லை என்று அதை எவர்சில்வர் குண்டானுக்குள் வைப்பவர்கள் உண்டு. சத்தம் கூடும், ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று மோதிக் கணகணக்கும். அடுப்புக்கு எதிர்ப்பக்க அலமாரியில், தோள் உயரத்தில், பின்புறம் சுவரை ஒட்டினாற்போல் வைத்தால் குறைந்த ஒலியிலேயே பேச்சு தெளிவாகக் கேட்கும். அடுப்பின் நீராவியிலிருந்தும் தப்பிக்கும். இயர்போன் போடுவதானால் ஒரு காதில் மட்டும், வெளிச்சத்தத்தை அடக்கும் வசதியை அணைத்துவிட்டு. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு சமைத்த ஒரே நாளில் எங்கள் வீட்டில் பால் பொங்கி, அடுப்பு அணைந்து, வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

சட்டைக்குக் கடைசியாக ஒன்று. கருகிய இடம் வெறும் மஞ்சளாக இருந்து நூல் இற்றுப்போகாமல் இருந்தால், வெள்ளைப் பருத்தி என்றால், எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் காயவைத்துத் துவைத்துப் பாருங்கள். லேசான கறை மங்கும். பழுப்பாகி மொரமொரவென்று இருந்தால் கறையை ஒன்றும் செய்வதற்கில்லை, ஆனால் தையல்காரரிடம் கொடுத்தால் கழுத்துப்பட்டையைப் பிரித்துத் திருப்பித் தைத்துத் தருவார்.